பதினோராம் நாள் காய்ச்சல்

இலங்கையின் தென்மேற்குக் கரையில் பேருவளை. அங்கே சீனன்கோட்டை என்ற பகுதியில் மாணிக்கக்கல் வியாபாரம் தெருவிலேயே நடக்கும். மடித்த வெள்ளைக் காகிதத்தைப் பிரித்து, நீலக்கல்லை வெளிச்சத்தில் பிடித்து, விலை பேசுவார்கள். அந்தக் கற்களில் கணிசமானவை மடகாஸ்கரிலிருந்து வருகின்றன. 1998-இல் அத்தீவின் தெற்கே இலக்காக்கா என்ற இடத்தில் நீலக்கல் கிடைப்பது தெரியவந்த பிறகு, இலங்கை வியாபாரிகள் அங்கே போய்த் தங்கிக் கல் வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. மடகாஸ்கர் மலேரியா உள்ள நாடு. இலங்கையில் அது இல்லை. சான்றிதழுக்கு முன் உள்ளூரில் பரவிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

ஆனால் டெங்கு இருக்கிறது. 2017-இல் மட்டும் 1,86,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று அங்கே பதிவானது. இந்த இரண்டு உண்மைகளும் ஒரே காய்ச்சல்காரரின் கட்டிலருகே சந்திக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சீனன்கோட்டை வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரு தனிமனிதர் அல்ல. இப்படி வருகிற நோயாளிகளுக்கு வழக்கமாக நேர்வதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறோம். வயது 41. இலக்காக்காவில் மூன்று வாரம் தங்கியவர். போகும் முன் மலேரியா தடுப்பு மாத்திரையை இலங்கையின் மலேரியா தடுப்பு இயக்கம் இலவசமாகவே தரும், இவர் வாங்கவில்லை. ஊர் திரும்பிய பதினோராம் நாள் மாலை, கடையில் உட்கார்ந்திருக்கும்போதே பல் கிட்டியது. வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்தார். மனைவி வெப்பமானி வைத்துப் பார்த்தார். 103.8 டிகிரி.

அந்த எண்தான் வீட்டில் எல்லாரையும் கலக்கியது. நோய் எது என்று கண்டுபிடிக்க அதைவிடக் குறைவாக உதவும் எண் வேறில்லை.

டெங்கு திடீரென்று ஏறும். பெரியவர்களுக்கு 102, 104 என்று போவது சாதாரணம். மலேரியாவும் அப்படியே. டைஃபாய்டு முதல் வாரத்தில் படிப்படியாக ஏறி அதே இடத்துக்கு வரும். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக் காட்டும். முதியவர்களுக்கு நோய் கடுமையாக இருந்தும் உடம்பு அவ்வளவாகச் சுடாது. இத்தனைக்கும் மேல் பாராசிட்டமால். இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டு மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால் அங்கே 99 தான் இருக்கும். அதனால்தான் மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவரிடம், இப்போது உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்வதில்லை. வந்தபின் ஒருமுறை காய்ச்சல் அடித்தது என்று அவர் சொன்னாலே போதும், அன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும். 100.4-ஐத் தாண்டினால்தான் காய்ச்சல் என்ற கணக்கு இங்கே செல்லாது.

உயரத்தை விட்டுவிட்டு, ஏறி இறங்கும் முறையைப் பார்க்கலாமே என்று தோன்றும். முறைக்காய்ச்சல் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்: ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்தாற்போல் அதே நேரத்துக்குக் குளிர் வரும். முதலில் பல் அடிக்கும் குளிர், ஒரு மணி நேரத்துக்குள் அது போய்க் கொதிக்கும் சூடு, சில மணி நேரம் கழித்துப் படுக்கை நனைகிற வியர்வை. வியர்த்து முடித்ததும் ஆள் எழுந்து சோறு கேட்பார். மறுநாள் வேலைக்கும் போவார். அதற்கு அடுத்த நாள் மறுபடி குளிர்.

இதற்குக் காரணம் என்ன என்பதை இத்தாலியின் பாவியா நகரில் 1885, 1886 ஆண்டுகளில் கமில்லோ கோல்ஜி கண்டறிந்தார். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து வளர்ந்து, பல குஞ்சுகளாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் உடைந்தால் அந்த நேரத்தில் குளிர் தூக்கும். வைவாக்ஸ் வகைக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். மலேரியே என்ற வகைக்கு 72. ஐரோப்பிய மருத்துவ நூல்கள் முதலாவதை ‘மூன்றாம் நாள் காய்ச்சல்’ என்றும், இரண்டாவதை ‘நான்காம் நாள் காய்ச்சல்’ என்றும் அழைக்கின்றன. 48 மணி என்றால் இரண்டு நாள்தானே என்று கேட்கத் தோன்றும். ரோமானியர்கள் காய்ச்சல் வந்த நாளையும் ஒன்று என்று எண்ணினார்கள்; அந்தக் கணக்கு பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பாடப்புத்தகத்தில் இது அழகாக இருக்கும். நோயாளியின் வெப்ப அட்டவணையில் பெரும்பாலும் இருக்காது. எல்லாக் கிருமிகளும் ஒரே தாளத்துக்கு வர சில சுற்றுகள் ஆக வேண்டும். அதுவரை முன்னும் பின்னுமாக வெவ்வேறு கூட்டங்கள் உடைந்துகொண்டே இருக்கும். காய்ச்சல் தினமும் வரும், இரண்டு வேளையும் வரும், ஒழுங்கில்லாமல் இழுத்துக்கொண்டும் கிடக்கும். இதற்கு வினோதமான ஒரு சான்று உண்டு. ஆஸ்திரியாவின் யூலியுஸ் வாக்னர்-யாரெக், மூளையைத் தாக்கிய மேகநோய்க்காரர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தச் சூட்டால் நோயைக் குறைக்க முயன்றார். அதற்காக 1927-இல் நோபல் பரிசும் பெற்றார். அப்படி நாள் குறித்து, எந்த வகைக் கிருமி என்று தெரிந்தே ஏற்றிய நோயாளிகளிடம்கூட, ஒருநாள் விட்டு ஒருநாள் வர வேண்டிய காய்ச்சல் பலருக்குத் தினமும் வந்தது.

ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் பரவுவதும், ஆளைக் கொல்வதில் முதலிடத்தில் இருப்பதும் ஃபால்சிபாரம் வகை. அதன் சுற்றும் ஏறத்தாழ 48 மணிதான். ஆனால் முறை வைத்து அடிப்பதில் இதைப்போல் நம்பமுடியாதது வேறில்லை. முறை தெரியட்டும் என்று நான்கைந்து நாள் பொறுப்பவர்களுக்கு அது பொறுப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்தால் மலேரியாவைச் சந்தேகிப்பது சரி. அப்படி வராததால் மலேரியா இல்லை என்று சொல்வது தவறு. பாதி உயிர்ச்சேதம் இந்த இரண்டாவது வாக்கியத்தை மறப்பதால் நேர்கிறது என்று சொன்னால் அது மிகை. தாமதத்துக்கு அது ஒரு பெரிய காரணம் என்பதில் மிகை இல்லை.

நம் வியாபாரியின் வீட்டுக் குறிப்பைப் பார்ப்போம். முதல் நாள் மாலை 103.8. இரண்டாம் நாள் காலை 99.5, மதியம் 102. மூன்றாம் நாள் இரவு 104. நான்காம் நாள் காலை நன்றாக வியர்த்து 98.6. எந்தத் தாளமும் இல்லை.

இரண்டாம் நாளே மருத்துவரிடம் போய்விட்டார்கள். காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, பேருவளை, மழைக்காலம். மருத்துவர் டெங்கு என்று நினைத்தது நியாயம்தான். ரத்த எண்ணிக்கையும் என்.எஸ்.1 சோதனையும் எழுதிக் கொடுத்தார். தட்டணுக்கள் 1,28,000; குறைவுதான். என்.எஸ்.1 இல்லை என்று வந்தது.

டெங்குவில் காய்ச்சலின் நாள் கணக்கு மிகவும் முக்கியம். சோதனைகள் அந்தக் கணக்கின்படிதான் நடக்கும். என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸே ரத்தத்தில் விடும் ஒரு புரதம். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே தெரியும். ஐந்தாம் நாளுக்குப் பின் மங்கும். வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளோ நான்காம், ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். பார்ப்பதும், எட்டாம் நாள் என்.எஸ்.1 மட்டும் பார்ப்பதும் காசுக்குக் கேடு. அதனால்தான் நல்ல மருத்துவர் எத்தனை டிகிரி என்பதற்கு முன் இன்றைக்கு எத்தனையாம் நாள் என்று கேட்பார். இதில் ஒரு ஓட்டையும் உண்டு. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மறுமுறை வரும்போது, பழைய எதிர்ப்பொருட்கள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் என்.எஸ்.1 சோதனை ஏமாற்றலாம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பெரியவர்களில் பலர் ஒருமுறையாவது டெங்குவைக் கண்டவர்கள். பலருக்கு அது தெரிந்திருக்கவும் இல்லை. ஆகவே சோதனை இல்லை என்றாலும், தட்டணு குறைந்திருக்கிறது, டெங்குவாகத்தான் இருக்கும், தினமும் ரத்தம் பாருங்கள் என்று அந்த மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

அங்கே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று. தட்டணு குறைவது டெங்குவின் தனிச்சொத்து அல்ல. மலேரியாவிலும் அதே அளவுக்குக் குறையும். வெளிநாடு போய்த் திரும்பியவரிடம் மலேரியாவைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களில் அதுவும் ஒன்று.

நான்காம் நாள் காலை வியர்த்துக் காய்ச்சல் இறங்கியதும் வீட்டில் இரண்டு விதமாகப் பேசினார்கள். குணமாகிவிட்டது என்று தாயார். டெங்குவில் காய்ச்சல் விட்டால்தான் ஆபத்து என்று, பத்திரிகை படிக்கிற மைத்துனர். மைத்துனர் சொன்னது சரியான அறிவு, ஆனால் வேறொரு நோயைப் பற்றியது.

காய்ச்சல் இறங்குவதற்கு இங்கே மூன்று பொருள் இருக்கலாம். டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும்போது சிலருக்கு ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுவதால் மிஞ்சிய ரத்தம் கெட்டியாகும். இந்தக் கசிவு ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், காரணமில்லாத சோர்வு ஆகியவை அப்போதைய எச்சரிக்கைகள். வெப்பமானி நல்ல செய்தி சொல்லும் நேரத்தில்தான் நாடி பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். சிலருக்கு ஒருநாள் இறங்கி மறுபடி ஏறவும் செய்யும். அட்டவணையில் குதிரைச் சேணம்போல் நடுவில் பள்ளம் தெரியும். எல்லாருக்கும் அது வருவதில்லை. மலேரியாவிலோ இறக்கம் என்பது ஒரு சுற்று முடிந்ததற்கு அடையாளம், அவ்வளவே. வியர்வைக்குப் பின் உடம்பு லேசாகும், அடுத்த கூட்டம் உடையும்வரை. மூன்றாவது, வெறும் பாராசிட்டமால். ஆறு மணி நேரத்தில் மறுபடி ஏறினால் அந்த இறக்கம் மாத்திரையுடையது. அதனால் வீட்டில் குறிப்பு வைப்பவர்கள் வெப்பத்தோடு மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதினால்தான் மருத்துவருக்குப் பயன்படும். எது என்று தெரியாத நிலையில் ஆஸ்பிரின், புரூஃபன் போன்றவை வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

நான்காம் நாள் மாலை வியாபாரிக்கு மறுபடி 103. மருத்துவமனையில் சேர்த்தார்கள். தட்டணுக்கள் 74,000. அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவரின் கண் வேறொரு எண்ணில் நின்றது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. இரண்டாம் நாள் 42, இப்போது 38. ஹீமோகுளோபினும் 14.1-லிருந்து 12.6-க்கு வந்திருந்தது. டெங்குவில் நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏற வேண்டும். தட்டணு விழ விழ பி.சி.வி. ஏறுவதுதான் அங்கே பயமுறுத்தும் ஜோடி. இங்கே இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. உள்ளே ரத்தம் கசிந்தாலும் இறங்கும், நரம்பில் ஏற்றிய திரவத்தாலும் இறங்கும். இவருக்கு இரண்டும் நடக்கவில்லை. அப்படியானால் சிவப்பணுக்களை ஏதோ உடைக்கிறது.

“வெளிநாடு எங்கயாவது போனீங்களா?”

“மடகாஸ்கர், டாக்டர். கல் எடுக்கத்தான். வந்து ரெண்டு கிழமை.”

காய்ச்சல் தொடங்கியது ஊர் திரும்பிய பதினோராம் நாள். இந்தப் பதினொன்று என்ற எண் 103.8-ஐவிடப் பல மடங்கு பேசும். ஃபால்சிபாரம் கடித்த கொசுவிலிருந்து காய்ச்சலாக வெளிப்படக் குறைந்தது ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்துக்குள், அநேகமாக எல்லாருக்கும் மூன்று மாதத்துக்குள் வரும். பதினொன்று அதற்குள் நடுவில் விழுகிறது. டெங்குவோ கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளில் வரும், மிஞ்சிப்போனால் பதினான்கு. லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ திரும்பிய ஒருவருக்கு மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் தொடங்கினால், பயணத்தில் வாங்கிய டெங்கு என்பதைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். பேருவளைக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு டெங்கு தன் வீட்டு வாசலிலேயே வரலாம். ஆகவே நாள் கணக்கு அவரிடம் டெங்குவைத் தள்ளாது. மலேரியாவை உள்ளே கொண்டுவரும். சென்னைக்காரருக்கும் இதுவே பொருந்தும்.

விரல் நுனியில் எடுத்த ரத்தம் கண்ணாடிச் சில்லில் இரண்டு விதமாகப் பூசப்பட்டது. ஒன்று தடித்த பூச்சு: அதிக ரத்தம் ஒரே இடத்தில் இருப்பதால் கிருமி கொஞ்சமே இருந்தாலும் கண்ணில் படும். மற்றது மெல்லிய பூச்சு: எந்த வகை, எத்தனை சிவப்பணுவில் இருக்கிறது என்று எண்ணலாம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். அது தேவையில்லை, ஆள் வந்த அந்த நிமிடமே எடுக்கலாம். வேண்டியது, இல்லை என்று வந்தால் மறுபடி எடுப்பது. ஃபால்சிபாரம் முதிர்ந்ததும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும், இளம் வளையங்கள் மட்டுமே ரத்தத்தோடு சுற்றும். அதனால் ஒரு சில்லு வெறுமையாக இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை பார்த்த பிறகே மலேரியா இல்லை என்று சொல்வது வழக்கம்.

இவருக்கு முதல் சில்லே போதுமானதாக இருந்தது. ஃபால்சிபாரம் வளையங்கள். ஆயிரம் சிவப்பணுவில் 16-இல் கிருமி, அதாவது 1.6 சதவீதம்.

இந்த எண்ணை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் காத்திருந்ததன் விலை தெரியும். ஒவ்வொரு 48 மணிச் சுற்றிலும் ஃபால்சிபாரம் ஏறத்தாழ பத்து மடங்குவரை பெருகக்கூடியது. அப்படியானால் இரண்டு நாள் முன்பு, முதல் மருத்துவர் பார்த்தபோது, 0.16 சதவீதம்போல் இருந்திருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு ஏழாயிரம் கிருமி. பழகிய கண்ணுக்குத் தடித்த பூச்சில் ஐம்பது இருந்தாலே தெரியும். அன்றைக்கே ஒரு சில்லு எடுத்திருந்தால் தப்பியிருக்காது. முன்னோக்கி ஓட்டினால், கண்டுபிடிக்காமல் இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால், கணக்குப்படி 16 சதவீதம். உடம்பின் எதிர்ப்பு அந்த வேகத்தைக் குறைக்கலாம்தான். ஆனால் 10 சதவீதத்தைத் தாண்டினாலே தீவிர மலேரியா. நினைவு தப்புவதும் சிறுநீரகம் நிற்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

ஆர்டிமெத்தரும் லுமெஃபான்ட்ரினும் சேர்ந்த மாத்திரை மூன்று நாளில் ஆறு வேளை. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு சரியாக இழுக்காது என்பதால் பாலோடு கொடுத்தார்கள். இரண்டாம் நாள் முடிவில் காய்ச்சல் விட்டது. இந்த முறை விட்டதற்குச் சில்லு சாட்சி சொன்னது. டெங்குச் சோதனையையும் அவர்கள் மறுபடி செய்து பார்த்தார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே வருவதுண்டு, ஒன்று உறுதியானதால் மற்றது இல்லை என்று ஆகாது.

இவருக்கு வந்தது வைவாக்ஸ் வகையாக இருந்திருந்தால் கதை இன்னும் நீண்டிருக்கும். அது கல்லீரலில் உறங்கிக் கிடந்து, பல மாதம் கழித்தும் எழும். எங்காவது போனீர்களா என்ற கேள்வியைப் போன மாதத்தோடு நிறுத்தாமல் போன வருடம்வரை நீட்டிக் கேட்பது அதற்காகத்தான்.

இலங்கையில் ஒரு மலேரியா நோயாளி கிடைத்தால் வேலை மருத்துவமனையோடு முடிவதில்லை. மலேரியாவைப் பரப்பும் அனோஃபெலிஸ் கொசு அங்கிருந்து போகவில்லை. போதாததற்கு நகரத்தில் வாழப் பழகிய அனோஃபெலிஸ் ஸ்டீஃபென்சி என்ற புது இனமும் 2017-இல் மன்னாரில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே நோயாளியின் தெருவுக்குப் பூச்சியியல் குழு வரும். கிணறு, தொட்டி, தேங்கிய நீர் என்று பார்க்கும். அக்கம்பக்கத்தாரின் ரத்தத்தையும் பயணத்தில் கூடப் போனவர்களின் ரத்தத்தையும் எடுக்கும்.

வியாபாரியோடு இலக்காக்காவுக்கு இன்னும் இரண்டு பேர் போயிருந்தார்கள். குழு தேடி வந்தபோது ஒருவர் கடையில் கல்லை நிறுத்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே,” என்றார்.

“சரி, கையைக் காட்டுங்க,” என்று சில்லை எடுத்தார் வந்தவர்.